கோணிப்போன கடைக்கதவும் ஆசாரிக்கு எழுதிய இரண்டு கடிதங்களும்

நாகப்பட்டினத்தில் எங்கள் மளிகைக் கடைக்கு இன்னமும் மரக்கதவுதான். எட்டடி வாசல். இரண்டிரண்டு அடி அகலத்தில் நாலு மடிப்பு, இடப்பக்கம் இரண்டும் வலப்பக்கம் இரண்டுமாக மடங்கி நிலையோடு ஒட்டி நிற்கும். அப்பா காலத்துத் தேக்கு. ரோலிங் ஷட்டர் போடச் சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் கடற்காற்றில் இரும்பு ஷட்டரின் அடிப்பட்டை என்ன ஆகிறது என்பதைத் தினமும் எதிர்க்கடையில் பார்க்கிறேன். காலையில் அதைத் தூக்க அந்தக் கடைக்காரருக்கு இரண்டு பேர் வேண்டும். அதனால் மரக்கதவை விடவில்லை. விடாததற்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதையெல்லாம் 2018-லேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் ரூபாயும் இரண்டு வருஷத் தூக்கமும் மிச்சமாகியிருக்கும்.

2018 நவம்பர் 16, நள்ளிரவுக்குப் பிறகு கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கிருந்தோ பறந்து வந்த தகரம் ஒன்று எங்கள் கதவில் அடித்து, தெருவிலிருந்து பார்த்தால் இடமிருந்து இரண்டாவது மடிப்பில் ஒரு பலகையின் கீழ்ப்பகுதி பிளந்துவிட்டது. ஒரு மடிப்புக்கு ஆறு அங்குலப் பலகை நாலு, பின்பக்கம் மூன்று குறுக்குச் சட்டம். பிளந்தது நாலில் ஒன்று, அதிலும் அடியில் ஓர் அடி நீளம்தான். மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, கடையில் இருப்பது கெட்டுவிடக் கூடாது என்ற பதற்றம். கிடைத்த தச்சரைக் கூப்பிட்டேன். அவர் அந்தப் பலகையை முழுதாகக் கழற்றிவிட்டு, புதுப் பலகை ஒன்றை வைத்துச் சட்டத்தோடு சேர்த்து நாலாபுறமும் ஆணி அறைந்தார். வேம்பு, நன்றாகக் காய்ந்தது என்றார். 3,800 ரூபாய் கொடுத்தேன். பழைய பலகையைக் குப்பை என்று சொல்லி வண்டியில் போட்டுக்கொண்டு போனார். ஆறடித் தேக்கு நல்ல நிலையில் இருந்த பலகை அது. எனக்கு உறைத்தது இரண்டு நாள் கழித்துத்தான்.

வேம்பு நல்ல மரம்தான், கதவுக்குப் போடுகிற மரம்தான். ஆனால் அந்த மாதம் எங்கள் பக்கம் விழாத மரமே இல்லை. மில்லில் அறுத்துக் கொண்டிருந்ததெல்லாம் மூன்று வாரத்துக்கு முன்பு இலையோடு நின்ற மரங்கள். அதில் ஒன்றுதான் எங்கள் கதவில் ஏறியிருக்கிறது. பச்சைப் பலகை எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்: அதே அளவுக் காய்ந்த பலகையைவிடக் கனமாக இருக்கும், கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், விரலை மடக்கித் தட்டினால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும்.

பச்சை மரம் காயும்போது அகலத்தில்தான் சுருங்கும், நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே ஆகாது. அகலத்திலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுருங்காது. மரத்தின் வளையங்களை ஒட்டிய திசையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் குறைவு. ரேகை நேராக இல்லாமல் சுற்றிக்கொண்டு போகிற மரமாக இருந்தால் பலகை முறுக்கிக்கொள்ளும். 2019 சித்திரை, வைகாசி வெயிலில் எங்கள் வேப்பம்பலகை இதையெல்லாம் ஒன்றாகச் செய்தது. பக்கத்துப் பலகையிலிருந்து இரண்டு நூல் விலகியது. (எட்டு நூல் ஓர் அங்குலம். தச்சரோடு பேச இந்தக் கணக்குத்தான் வேண்டும்.) கூடவே முறுக்கியது. ஆணி அறைந்த சட்டங்கள் அதை விடவில்லை, அதுவும் சட்டங்களை விடவில்லை. கடைசியில் மடிப்பு முழுவதையும் இழுத்துக்கொண்டு கோணியது. கதவைச் சாத்தினால் மேல்மூலை நிலையில் முட்டும், கீழ்மூலை தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். கீழ்த் தாழ்ப்பாள் குழியில் விழாது. தினமும் இரவு முழங்காலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு தாழ் போடுவேன். ஒருவர் வந்து 900 ரூபாய்க்கு இரும்புப் பட்டை அடித்து நிமிர்த்திக் காட்டினார். ஆடிக்குள் பட்டைக்குப் பக்கத்திலேயே மரம் வெடித்துவிட்டது.

அதைவிடப் பெரிய தவறு அந்தக் கார்த்திகையில் நடந்தது. அடைமழையில் எல்லா மடிப்பும் ஊதியிருந்தன. கோணியதோடு ஊதியதும் சேர்ந்து, ஒருநாள் காலையில் கதவு திறக்கவே இல்லை. வாசலில் பால் வாங்க நாலு பேர் நிற்கிறார்கள், நான் உள்ளே போக முடியாமல் தெருவில் நிற்கிறேன். அந்த அவமானத்தில் தெருவில் போன ஒரு தச்சரைக் கூப்பிட்டு, எங்கே இடிக்கிறதோ அங்கே இழைத்துவிடச் சொன்னேன். நான்தான் சொன்னேன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். இழைப்புளி மூன்று நூல் மரத்தைச் சீவியது. கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது. 1,200 ரூபாய். மழை ஓய்ந்து மாசி வந்ததும் மரம் பழையபடி சுருங்கியது. சீவிய மரம் திரும்பி வருமா? நடுவில் இரண்டாவது மடிப்பும் மூன்றாவது மடிப்பும் சேரும் இடத்தில் ஐந்து நூல் சந்து. சுண்டெலிக்கு அதில் பாதி போதும். 2020-இல் ஊரடங்கு நேரத்தில் கடை சில மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும், மீதி நேரமெல்லாம் எலிகளின் ராஜ்ஜியம். பருப்பு மூட்டை, ரவை, பிஸ்கட் என்று சுமார் 3,000 ரூபாய்ச் சரக்கு போனது. கதவு இடிக்கிறது என்று மழைக்காலத்தில் இழைக்கவே கூடாது. வாசல் திறந்தே ஆக வேண்டும் என்றால், இடிக்கிற மூலையில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள், கீலில் தளர்ந்த ஸ்க்ரூவை முடுக்குங்கள். அப்படியும் திறக்காவிட்டால் அந்த ஒரு மடிப்பைக் கழற்றி உள்ளே சாத்தி வைத்துவிட்டுத் தை பிறக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

அப்போதுதான் கதவைச் செய்த ஆசாரியின் நினைவு வந்தது. அப்பாவிடம் வேலையை ஒப்புக்கொண்டவர் அவருடைய தகப்பனார். இவர் அப்போது கூட வந்த பையன். இப்போது எழுபதைத் தாண்டியவர், திருத்துறைப்பூண்டிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். காது சரியாகக் கேட்காது. போனில் நான் 'இரண்டாவது கதவு' என்று கத்துவேன், அவர் 'ரெண்டு கதவுமா?' என்பார். அதனால் கடிதம் எழுதினேன். முதல் கடிதம் நாலே வரி: கதவு கோணிவிட்டது, மூட முடியவில்லை, எலித் தொல்லை, தயவுசெய்து வந்து சரிசெய்து கொடுங்கள், கூலி எவ்வளவானாலும் தருகிறேன். பத்து நாள் கழித்துப் பேரன் மூலமாகப் பதில் வந்தது. "எந்த மடிப்பு, எந்த மூலை, எவ்வளவு, எப்போதிலிருந்து? நிலை கோணியதா, கதவு கோணியதா? இது தெரியாமல் நான் எந்தச் சாமானைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது? எவ்வளவானாலும் தருகிறேன் என்று யாருக்கும் எழுதாதீர்கள் தம்பி." கொஞ்சம் வலித்தது. ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்விக்கும் எனக்கே பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை. இரண்டு வருஷமாகத் தினமும் தள்ளிச் சாத்துகிற கதவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அளந்தேன். முதலில் நிலை. நிலைச்சட்டத்தின் உச்சியில் ஆணி அடித்துத் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, மேலேயும் கீழேயும் கயிற்றுக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். தெருவை நோக்கி ஒருமுறை, வாசலின் குறுக்காக ஒருமுறை, இரண்டு சட்டத்துக்கும். ஒரு சட்டம் தெருப்பக்கமும் இன்னொன்று கடைப்பக்கமும் சாய்ந்திருந்தால், கண்ணாடி மாதிரி நேரான கதவைப் போட்டாலும் கோணியதாகத்தான் தெரியும். எங்களுடையது ஏழடி உயரத்தில் ஒரே ஒரு நூல்தான் வித்தியாசம். ஆக நிலை மேல் குற்றமில்லை.

அடுத்தது மடிப்பின் முறுக்கு. இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது, பக்கத்து வீட்டு வெல்டர் சொல்லிக் கொடுத்தார். மடிப்பின் நாலு மூலையிலும் சின்ன ஆணி அடித்து, எல்லா ஆணியும் மரத்திலிருந்து சரியாக ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, தலைக்கு அடியில் கட்டி, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நைலான் கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். நடுவில் இரண்டும் லேசாகத் தொட்டுக்கொண்டு போனால் மடிப்பு சமதளம். இடைவெளி இருந்தால் முறுக்கு. அந்த இடைவெளியைப் போல இரண்டு மடங்கு, ஒரு மூலை சமதளத்தை விட்டு வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். நான் முதலில் கட்டியபோது இரண்டு கயிறும் தொட்டுக்கொண்டன, கதவு நேர்தான் போலிருக்கிறது என்று ஒரு நிமிஷம் குழம்பிப் போனேன். பிறகுதான் புரிந்தது. மேலே இருக்க வேண்டிய கயிற்றை அடியில் விட்டுக் கட்டியிருக்கிறேன், அது மற்றதை முட்டித் தூக்கிக்கொண்டிருந்தது. தொட்டால் நம்பாதீர்கள், கயிற்றை மேல் கீழாக மாற்றிக் கட்டி இன்னொரு முறை பாருங்கள். மாற்றியதும் மூன்று நூல் இடைவெளி தெரிந்தது. ஆக மூலை ஆறு நூல் போயிருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுக் கீழ்மூலை எவ்வளவு துருத்துகிறது என்று அளந்தால் அதுவும் ஆறு நூல்தான். இரண்டு கணக்கும் ஒத்துப்போனதில், இத்தனை தொல்லைக்கு நடுவிலும் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

பிறகு எழுதிய கடிதம் இது. 2021 பிப்ரவரியில் அனுப்பியது, நகல் வைத்திருந்தேன். பெயர், விலாசம் மட்டும் எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்.

"ஆசாரி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கேட்டபடி அளந்து எழுதுகிறேன்.

தெருவில் நின்று கடையைப் பார்த்தால் இடமிருந்து இரண்டாவது மடிப்புதான் கோளாறு. உயரம் ஏழடி, அகலம் இரண்டடி, பலகைக் கனம் ஓர் அங்குலம் இரண்டு நூல். முதல், மூன்றாவது, நாலாவது மடிப்புகளைக் கயிறு கட்டிப் பார்த்தேன், நேராக இருக்கின்றன. இரண்டாவதில் நடுவே மூன்று நூல் இடைவெளி. சாத்தினால் மேல்மூலை நிலையில் முட்டுகிறது, கீழ்மூலை தெருப்பக்கம் ஆறு நூல் நிற்கிறது. நிலையைத் தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தேன், இடப்பக்கச் சட்டம் ஒரு நூல் சாய்வு, வலப்பக்கம் நேர்.

நாலு பலகையில் முதல் மூன்றும் உங்கள் அப்பா போட்ட தேக்கு. மூன்றாவது மடிப்பை ஒட்டி வருகிற கடைசிப் பலகை, கஜாவுக்குப் பிறகு 2018 டிசம்பரில் மாற்றியது, வேம்பு என்று சொன்னார்கள். அதற்கு முன்னால் கதவில் எந்தக் குறையும் இல்லை. 2019 வைகாசியில் கோணத் தொடங்கியது. அந்தக் கார்த்திகையில் இடித்தது என்று அதே பலகையின் ஓரத்தில் மூன்று நூல் இழைத்துவிட்டார்கள், நான் சொல்லித்தான் செய்தார்கள். இப்போது மூன்றாவது மடிப்போடு சேருகிற இடத்தில் சந்து ஐந்து நூல். மழைக்காலத்தில் அது மூன்று நூலாகக் குறைகிறது. முதல் மடிப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே உள்ள மூன்று கீலும் இரும்பு, துருப்பிடித்திருக்கின்றன. நடுக்கீலில் இரண்டு ஸ்க்ரூ பிடிப்பில்லாமல் சுற்றுகிறது. தெருப்பக்கம் வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறோம், உள்பக்கம் எனக்குத் தெரிந்து அடித்ததே இல்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: கீழ்த் தாழ் ஒரு கையால் விழ வேண்டும், சந்தில் எலி நுழையக் கூடாது, அடுத்த கார்த்திகையில் திறக்க வேண்டும். பலகையை நிமிர்த்துவதா மாற்றுவதா என்பது உங்கள் முடிவு. பழைய தேக்குப் பலகைகளை முடிந்தவரை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். கழற்றுகிற மரம், ஆணி, கீல் எல்லாம் கடையிலேயே இருக்கட்டும்.

மடிப்பைக் கழற்றினால் எத்தனை இரவு வாசல் திறந்து கிடக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், மறைப்புக்கு ஏற்பாடு செய்கிறேன். கடை வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கூட்டம் குறைவு. நாள் கூலியா மொத்தக் கூலியா என்பதையும், நான் வாங்கி வைக்க வேண்டிய சாமானையும் பேரனிடம் எழுதச் சொல்லுங்கள். பஸ் செலவும் சாப்பாடும் என் பொறுப்பு. மாசி முடிவதற்குள் வந்தால் நல்லது, வெயில் காலத்தில் பொருத்திவிட்டு மழையில் மாட்டிக்கொள்ள எனக்கு இனி தெம்பில்லை."

இதில் ஒரு வரியை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். நான் சொல்லித்தான் இழைத்தார்கள் என்பது. எழுதாமல் விட்டிருந்தால், சந்து முழுவதும் மரம் சுருங்கியதால் வந்தது என்று அவர் நினைத்திருப்பார். புதுப் பலகையின் அகலமே தப்பாகிப் போயிருக்கும். இடையில் யார் என்ன செய்தார்கள் என்பதை வெட்கப்படாமல் எழுதிவிடுங்கள்.

ஐந்தாம் நாள் பேரன் வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பினான். நாள் கூலி 1,100, மூன்று நாள், ஆனால் அடுத்தடுத்த நாளில்லை. ஒருநாள் வந்து கழற்றுவார், பன்னிரண்டு நாள் பலகை சும்மா கிடக்க வேண்டும், பிறகு இரண்டு நாள் வேலை. அதுவரை வாசலை மறைக்க 12 மில்லிமீட்டர் பிளைவுட்டைச் சட்டத்தில் அடித்து உள்பக்கமிருந்து போல்ட் போட்டு வைக்கச் சொன்னார். அதற்கு 1,900 ஆனது. அப்படியும் முதல் இரண்டு இரவு மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. பலகை வாங்கும் வேலையை என்னிடமே விட்டார், ஒரு நிபந்தனையோடு: இடித்த வீட்டு மரமாக இருக்க வேண்டும், வாங்கும் முன்பு ஒரு துண்டு வெட்டி எடைபோட வேண்டும்.

மளிகைக் கடைக்காரனுக்கு இது பழக்கமான வேலைதானே. புது மரம் விற்கிற இடத்தில் முழுக்கக் காய்ந்தது என்று அடித்துச் சொன்னார்கள். மெல்லிய துண்டு ஒன்றை வாங்கி வந்து டிஜிட்டல் தராசில் வைத்தேன், 212 கிராம். மொட்டைமாடியில் பத்து நாள் வெயிலில் போட்டு, சாயங்காலம் பனி இறங்குமுன் உள்ளே எடுத்து வைத்தேன். 171 கிராமில் வந்து நின்றது. குறைந்த 41-ஐ மீதி 171-ஆல் வகுத்தால் 24 சதவீதம். இது வெயிலில் போன தண்ணீர் மட்டும்தான், மரத்துக்குள் இன்னும் கொஞ்சம் இருக்கும். பழைய மரக்கடையில் வாங்கிய தேக்குத் துண்டு 198 கிராமிலிருந்து 191-க்கு வந்தது, நாலு சதவீதம்கூட இல்லை. கடலோர ஊரில் எந்த மரமும் சுத்தமாகக் காயாது, காற்றில் இருக்கிற ஈரத்துக்கு ஏற்ப எப்போதும் கொஞ்சம் வைத்துக்கொண்டுதான் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது, வெயிலில் போட்டால் எடை பெரிதாக இறங்குகிறதா என்பதுதான். பலகை 1,850 ரூபாய். இரும்பு ஆணித் துளைகள் இருந்தன, ஆசாரி அதையெல்லாம் மரமுளை அடித்து அடைத்துவிட்டார்.

அவர் வந்த அன்று செய்ததை மறக்க முடியாது. மடிப்பைக் கழற்றி இரண்டு முக்காலி மேல் கிடத்தினார். கயிறு கட்டிப் பார்த்தார், என் கணக்கு சரி என்று தலையை ஆட்டினார். பிறகு வேப்பம்பலகையின் ஆணிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கடைசி ஆணி வந்ததும் பலகை 'டக்' என்று துள்ளித் தனியாக நின்றது. மறுபடி கயிற்றைக் கட்டச் சொன்னார். மூன்று நூலாக இருந்த இடைவெளி ஒரு நூல். அதாவது மூலை ஆறு நூல் போயிருந்தது இரண்டாகிவிட்டது, இழைப்புளியையே எடுக்காமல். "பாத்தீங்களா தம்பி, கோணினது ஒருத்தன், மத்த மூணு பேரும் அவனோட கட்டுப்பட்டுக் கிடந்தாங்க." இரண்டு வருஷம், மூன்று தச்சர்கள், ஒருவருக்கும் அந்த ஒரு பலகையை அவிழ்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பிறகு தேக்குப் பலகைகளையும் கழற்றி, நிழலில் சமதரையில், இடையிடையே ஒரே கனமுள்ள ரீப்பர் வைத்துக் காற்று போகும்படி அடுக்கி, மேலே இரண்டு சர்க்கரை மூட்டையை ஏற்றினார். அதில் ஒன்று மட்டும் உள்பக்கம் குழிந்திருந்தது. குழிந்த பக்கம் ஈரம் குறைந்த பக்கம் என்றார். அதை ஈரச்சாக்கின் மேல் குழிந்த பக்கம் கீழாகக் கவிழ்த்து, முதுகில் வெயில் படும்படி விட்டார். இரண்டாம் நாள் மாலை போய்ப் பார்த்தால் நிமிர்ந்திருந்தது. இது பலகைக்குக் காட்டுகிற ஆசைதான், ஈரம் இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் மறுபடி குழியும் என்று சொன்னார். எங்கள் கதவுக்கு ஒரு பக்கம் முப்பது கோட் பெயிண்ட், இன்னொரு பக்கம் வெறும் மரம். மழைத் தண்ணீர் அடிவிளிம்பு வழியாக ஏறியிருக்கிறது. அந்த அடிவிளிம்பைத் திருப்பிக் காட்டினார்: செய்த நாளிலிருந்து ஒரு துளி பெயிண்ட் பார்க்காத இடம். பலகையின் வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும். கதவு மாட்டியிருக்கும்போது அங்கே பிரஷ் போகாது, கழற்றும்போதுதான் அடிக்க முடியும்.

திரும்பப் பூட்டியபோது ஆணியே இல்லை. பலகையின் ஓரங்களில் பாதிக் கனத்தைச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுக்கும்படி செய்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு இடம் விட்டார், மழையில் ஊதினால் அந்த இடத்துக்குள் ஊதட்டும் என்று. குறுக்குச் சட்டத்தில் ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒரு ஸ்க்ரூ இறுக்கமாக, ஓரத்து ஸ்க்ரூவுக்கு மட்டும் நீள்துளை போட்டு வாஷரோடு. பலகை அகலத்தில் நகரலாம், முன்னும் பின்னும் நகர முடியாது. ஃபெவிகால் போட்டால் இன்னும் பலமாக இருக்குமே என்று கேட்டேன். "அதைத்தானே வேப்பம்பலகை போட்டவரும் ஆணியால செஞ்சார்" என்றார். கீலுக்குப் பித்தளை. சுற்றிக்கொண்டிருந்த ஸ்க்ரூத் துளைகளில் தேக்கு முளை அடித்து, வெட்டி, புதிதாகத் துளையிட்டார். நிலையின் ஒரு நூல் சாய்வைக் கீலின் இருக்கையில் சரிக்கட்டினார். நடுச் சந்தில் ஒன்றரை நூல் விட்டார். எனக்கு அதுவே அதிகமாகத் தெரிந்தது. வெயில் நாளில் தாள் நுழைய இடமில்லாமல் பொருத்தினால் மழையில் மறுபடி தெருவில்தான் நிற்பீர்கள் என்றார். எலிக்குப் பயந்து உள்பக்கம் ஒரு மெல்லிய பட்டியை மூன்றாவது மடிப்பில் மட்டும் அடித்து அந்தச் சந்தை மறைத்தார். பிரைமரும் பெயிண்டும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில், அடிவிளிம்புக்கு ஒரு கோட் கூடுதலாக.

உதவியாள், கீல், பெயிண்ட், பிளைவுட் எல்லாம் சேர்த்து மொத்தம் 10,870 ரூபாய். அதற்கு முன்பு ஆணி, பட்டை, இழைப்பு, எலி என்று போனது 8,900. கடிதத்தில் நான் எழுத மறந்த ஒன்றும் இருந்தது, பூட்டுக் கொண்டி. புதுப் பலகையில் கொண்டியின் துளை பழைய இடத்தில் இல்லை, கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு அதைத் தேடி ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன். மடிப்பில் என்னென்ன இரும்பு மாட்டியிருக்கிறதோ அத்தனையையும் போட்டோ எடுத்துக் கடிதத்தோடு வைத்திருந்தால் அந்த ஓட்டம் இருந்திருக்காது.

2021 நவம்பரில் பேய் மழை. தினமும் காலையில் கதவைத் தொடும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டாவது மடிப்பு திறந்தது, தாழ் ஒரு கையால் விழுந்தது. நடுச் சந்து அரை நூலாகச் சுருங்கி அங்கேயே நின்றது, பென்சிலால் நிலையில் தேதி போட்டுக் கோடு கிழித்து வைத்திருக்கிறேன். ஆனால் நாலாவது மடிப்பு, இத்தனை வருஷம் ஒன்றும் செய்யாதது, படியில் லேசாக உரச ஆரம்பித்தது. எங்கே, எத்தனை நூல், எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டேன். பேரன் அனுப்பிய பதிலில் இரண்டே வார்த்தை: "தை வரட்டும்."